குப்பைத் தொட்டியை எண்ணுவதில் தொடங்கி கன்டீனில் முடிந்த பாடம்

“தோட்டப் பாடசாலையில் தரம் 7க்குப் படிப்பிக்கிறேன். பிளாஸ்டிக் கழிவைக் குறைப்பது பற்றிய பாடத்தை, பிள்ளைகள் பாடசாலையிலேயே ஏதாவது செய்து முடிக்கிற மாதிரி எப்படித் திட்டமிடலாம்?”

முதலில் செயலைத் தீர்மானித்துவிட்டுப் பாடத்தைக் கட்டாதீர்கள். நான் முதல் வருடம் அப்படித்தான் செய்தேன். போஸ்டர் ஒட்டினோம், போத்தலில் பூக்கன்று நட்டோம். குப்பைத் தொட்டியில் ஒன்றும் மாறவில்லை. அடுத்த வருடம் தொட்டியிலிருந்தே தொடங்கினேன். செயல் என்னவென்று அதுவே சொல்லிவிட்டது.

நான் படிப்பிப்பது நோர்வூட் பக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை தொட்டிகளைக் கொட்டவோ எரிக்கவோ வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவைத்தேன். மறுநாள் இரட்டைப் பாடவேளையில் பழைய சாக்கை விரித்து, கையுறை போட்டு, எல்லாவற்றையும் வகை வகையாகப் பிரித்தோம். நிறுக்க வேண்டாம், எண்ணுங்கள். ஈரமும் சோறும் ஒட்டியிருந்தால் நிறை ஏமாற்றும். குப்பை சேர்ந்த அன்று பாடசாலைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். மழை நாளில் வரவு குறைந்தால் குப்பையும் குறையும், பிள்ளைகள் அதைத் தங்கள் வெற்றி என்று நினைத்துவிடுவார்கள்.

எங்களுக்கு 186 பேர் வந்திருந்தார்கள். எண்ணியது 141 துண்டு. பிஸ்கட், டிபிடிப் பைக்கற்று 38, லஞ்ச் சீட் 22, யோகட் கப் 9, சில்லறை 9. மிச்சம் 63-உம் ஒரே பொருள்: கன்டீனில் அவித்த கடலை கட்டிக் கொடுக்கும் சின்னப் பொலித்தீன் பை.

இந்த இடத்தில் நிறுத்தி, ‘இதில் எதை நம்மால் மாற்ற முடியும்?’ என்று கேளுங்கள். பாடத்தின் மையம் இந்தக் கேள்விதான். பைக்கற்று கம்பனியில் இருந்து வருகிறது, வகுப்பால் அதை மாற்ற முடியாது. லஞ்ச் சீட்டை நான் வேண்டுமென்றே தொடவில்லை. விடிய முன்னமே ரொட்டி சுட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டு மலைக்கு ஓடும் அம்மாவை, பிள்ளையின் வழியாகக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. 2017-இலேயே லஞ்ச் சீட்டைத் தடை செய்துவிட்டார்கள், ஆனால் கடையில் இன்னும் கிடைக்கிறது. வீட்டில் சாப்பாட்டுப் பெட்டி இருக்கிறதா, மூடி இறுக்கமா என்று தெரியாமல் அதில் இறங்கக் கூடாது. கடலைப் பை அப்படியில்லை, பாடசாலைக்குள்ளேயே பிறந்து அங்கேயே குப்பையாகிறது.

அடுத்த பாடவேளையில் 4 பிள்ளைகள் கன்டீன் அக்காவிடம் போனார்கள். ‘பை குடுக்காதீங்க’ என்று சொல்லப் போகவில்லை, ‘ஏன் பையில் குடுக்கிறீங்க?’ என்று கேட்கப் போனார்கள். அக்கா இரண்டு காரணம் சொன்னார். இடைவேளை 20 நிமிடம்தான், மணியடிக்க முன்னமே கட்டி வைத்தால்தான் எல்லாருக்கும் கொடுத்து முடிக்கலாம். மற்றது, பைதான் அவருடைய அளவு. ஒரு பை நிறைந்தால் ஒரு பங்கு.

இந்தப் பதில் கிடைத்த பிறகுதான் திட்டம் உருப்பட்டது. அளவுக்கு ஒரு சின்னக் கோப்பை. பை நிறையக் கடலையைக் கோப்பையில் கொட்டிப் பார்த்து, அது எட்டிய இடத்தில் பிள்ளைகளே கோடு போட்டார்கள். நேரத்துக்கு இரண்டு வரிசை. சொந்தக் கப் கொண்டு வருபவர்களுக்குத் தனி வரிசை, அவர்களுக்கு முதலில். கப் மறந்தவருக்கு வழக்கம்போல் பை கிடைக்கும், யாரும் பசியோடு போகக் கூடாது. பழைய கொப்பித் தாளில் சுருட்டிக் கொடுக்கலாமே என்று ஒரு பிள்ளை கேட்டது. மையோடு சூடான கடலை படுவது நல்லதில்லை என்று விட்டுவிட்டோம்.

முதல் இரண்டு நாள் தடுமாற்றம்தான். கப் கழுவ ஒரே குழாயில் கூட்டம் சேர்ந்தது, வகுப்புக்குப் பிந்தினார்கள். அப்புறம் இரண்டு வாளித் தண்ணீர் வைத்தோம், ஒன்று கழுவ, ஒன்று அலச. அந்த வாளிகளை யார் நிரப்புவது என்று பெயர்ப் பட்டியல் போடாவிட்டால் முழுத் திட்டமும் அங்கேயே விழுந்துவிடும்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு செவ்வாய்க்கிழமைக் குப்பையை எண்ணினோம். வரவு 171, கடலைப் பை 14. தரம் 7க்கு இது நல்ல கணக்கும்கூட: 100 பேருக்கு 34 ஆக இருந்தது 8 ஆகியிருக்கிறது.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளைகள் வேறெங்காவது எறிவார்கள். அதனால் மண்டபத்துக்குப் பின்னால் ஓடும் கானையும் பார்க்கச் சொன்னேன். அதில் 5 பை கிடந்தது. முதல் தடவை கானை எண்ணாதது என் பிழை, அதனால் ஒப்பிட முடியவில்லை. நீங்கள் முதல் நாளே எண்ணிவிடுங்கள். அந்தக் கான் எங்கே போகிறது என்று ஒரு பிள்ளை கேட்க, வரைபடத்தை எடுத்தோம். எங்கள் ஓடை கெசல்கமு ஓயாவில் விழுந்து, காசல்ரீ நீர்த்தேக்கம் வழியாகக் களனி கங்கைக்குப் போகிறது. கொழும்புக்காரர் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி அந்தக் கங்கையில் இருந்துதான் எடுக்கப்படுகிறது. கானின் வாயில் கம்பி வலை போடலாம் என்று அவர்களே எழுதி அதிபரிடம் கொடுத்திருக்கிறார்கள்.