எந்த நீளத்தைக் கூட்டுவது?

வணக்கம் சார். அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ரயில் கணக்குகளில், எதிரெதிரே வந்தால் வேகத்தைக் கூட்டு, ஒரே திசையில் போனால் கழி என்பது பழகிவிட்டது. நீளத்தில்தான் தடுமாறுகிறேன். சில கணக்குகளில் இரண்டு ரயில்களின் நீளத்தையும் கூட்டுகிறார்கள். சிலவற்றில் ஒன்றை மட்டும் எடுக்கிறார்கள். எப்போது எது என்பதை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ள முடியுமா?
- ஒரு வாசகி, விழுப்புரம்

அன்புள்ள வாசகிக்கு,

முடியும். தாளில் இரண்டு ரயிலையும் மேலிருந்து பார்ப்பதை விட்டுவிட்டு, ஒன்றுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளுங்கள்.

தாம்பரம் பக்கம் மின்சார ரயிலில் போகும்போது, பக்கத்துத் தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸ் வந்தால் நான் வினாடி எண்ணுவது வழக்கம். எக்ஸ்பிரஸின் நீளம் 450 மீட்டர், வேகம் மணிக்கு 90 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நம் மின்சார ரயில் 250 மீட்டர், மணிக்கு 54 கி.மீ. 5/18-ஆல் பெருக்கினால் வினாடிக்கு 25 மீட்டர், 15 மீட்டர். எதிரெதிரே வந்தால் சார்பு வேகம் 40 மீட்டர். அதாவது நம் வண்டி அப்படியே நிற்க, எக்ஸ்பிரஸ் மட்டும் வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வருவதற்குச் சமம். ஸ்டேஷனில் பக்கத்து வண்டி கிளம்பும்போது நம் வண்டிதான் நகர்கிறது என்று ஒரு கணம் தோன்றுமே, அந்தப் பார்வைதான் இது.

இப்போது நான் ஜன்னலோரம் இருக்கிறேன். எக்ஸ்பிரஸின் இஞ்சின் என் ஜன்னலுக்கு வந்ததும் எண்ணத் தொடங்கி, கடைசிப் பெட்டி தாண்டியதும் நிறுத்துகிறேன். என் முன்னால் ஓடியது எக்ஸ்பிரஸின் 450 மீட்டர் மட்டும்தான். 450-ஐ 40-ஆல் வகுத்தால் 11.25 வினாடி. நான் முதல் பெட்டியில் இருந்தாலும் கடைசிப் பெட்டியில் இருந்தாலும் இது மாறாது. என் வண்டியின் நீளம் இதற்குள் வரவே இல்லை, ஏனென்றால் நான் ஒரு புள்ளி.

அதே நேரத்தில் எக்ஸ்பிரஸில் ஒருவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் முன்னால் ஓடுவது நம் 250 மீட்டர். 250-ஐ 40-ஆல் வகுத்தால் 6.25 வினாடி.

சரி, ரயிலும் ரயிலும் ஒன்றையொன்று முழுதாகக் கடக்க? எக்ஸ்பிரஸ் டிரைவரின் இடத்தில் நின்று பாருங்கள். இரண்டு மூக்கும் சந்திக்கும்போது கடத்தல் தொடங்குகிறது. 6.25 வினாடியில் நம் ரயிலின் வால் அவரிடம் வந்துவிடுகிறது. அவரைப் பொறுத்தவரை நாம் போய்விட்டோம். ஆனால் அவருக்குப் பின்னால் 450 மீட்டர் ரயில் இருக்கிறது. நம் வால் அந்த நீளம் முழுவதையும் தாண்டி அதன் கடைசிப் பெட்டியை விட்டு விலக இன்னும் 11.25 வினாடி ஆகும். மொத்தம் 17.5. இரண்டு நீளத்தையும் கூட்டி 700-ஐ 40-ஆல் வகுத்தாலும் அதே 17.5 தான். நீளங்களைக் கூட்டுவது என்பது இந்த இரண்டு பயணிகளின் நேரத்தையும் அடுத்தடுத்து வைப்பதுதான்.

ஆகவே கேள்வியில் தேட வேண்டிய சொல், கடக்கப்படுவது ரயிலா, ஆளா என்பது. 'பயணி', 'டிரைவர்', 'ஜன்னலோரம் இருப்பவர்' என்று வந்தால், அவர் பார்க்கும் ரயிலின் நீளம் மட்டும். இதில் பலர் சறுக்குவது, அவர் உட்கார்ந்திருக்கும் ரயிலின் நீளத்தை எடுத்துவிடுவதால்தான். கம்பத்துக்கும் நீளம் கிடையாது, ஆகவே பயணியைப் போலத்தான், வேகம் மட்டும் பூஜ்யம். பிளாட்பாரம் என்பது நகராத ரயில்; அதன் நீளத்தைக் கட்டாயம் கூட்ட வேண்டும்.

ஒரே திசைக்கும் இதே பார்வைதான். எக்ஸ்பிரஸ் நம்மைப் பின்னாலிருந்து முந்தினால் சார்பு வேகம் வினாடிக்கு 10 மீட்டர். எக்ஸ்பிரஸ் பயணிக்கு 25 வினாடி, எனக்கு 45, முழுதாக முந்த 70. இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. அந்த 70 வினாடியில் எக்ஸ்பிரஸ் 1,750 மீட்டரும் நாம் 1,050 மீட்டரும் ஓடியிருப்போம். வித்தியாசம் 700, இரண்டு ரயிலின் நீளம். விடை தப்பாக இருந்தால் இந்த 700 வராது.

ஜன்னலோரம் நான் எண்ணும்போது முந்தும் கணக்கு பெரும்பாலும் ஒத்துவருவதில்லை. ஒரு கிலோமீட்டர் போவதற்குள் நம் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்காக பிரேக் போடத் தொடங்கிவிடும், அப்புறம் வித்தியாசம் 10 மீட்டராக இருக்காது. எதிரெதிரே வருவது பதினேழு வினாடியில் முடிந்துவிடுவதால் அங்கே கணக்கு கிட்டத்தட்ட நிற்கிறது. அடுத்த முறை சென்னைக்கு வரும்போது நீங்களும் எண்ணிப் பாருங்கள். உங்கள் ஜன்னலைத் தாண்டும் பெட்டிகளையும் எண்ணி, இப்போது பல எக்ஸ்பிரஸ்களில் ஓடும் எல்.எச்.பி. வகைப் பெட்டி என்றால் ஒன்றுக்குச் சுமார் 24 மீட்டர் என்று பெருக்கி வினாடியால் வகுத்தால், அந்த நேரத்துச் சார்பு வேகம் கிடைத்துவிடும்.