காந்தம் ஒட்டினால் எவர்சில்வர் இரும்பாகிவிடுமா?

கேள்வி: கட்டடம் இடித்ததில் பித்தளை வால்வுகள், செம்பு வயர், அலுமினியச் சட்டங்கள், பாத்திரம் கழுவும் இரண்டு எவர்சில்வர் தொட்டிகள் கிடைத்தன. கடைக்காரர் காந்தம் வைத்துப் பார்த்து, "தொட்டி ஒட்டுகிறது, இது இரும்பு விலைதான்" என்கிறார். வால்வுக்கும் ஐந்தில் ஒரு பங்கு எடையைக் கழிக்கிறார். காந்தத்தை நம்பலாமா? உலோகம் தேய்க்கும் கிரைண்டரில் வைத்து, பறக்கும் தீப்பொறியைப் பார்த்தால் உண்மை தெரியுமா?

பதில்: காந்தத்தை நம்பலாம், அதைப் பிடித்திருப்பவரின் பேச்சைத்தான் நம்பக் கூடாது. செம்பு, பித்தளை, அலுமினியம் மூன்றும் காந்தத்தில் ஒட்டாது, இரும்பு ஒட்டும். காந்தம் சொல்வது இவ்வளவுதான். ஒட்டாத பொருள் எந்த உலோகம், எந்தத் தரம் என்று அதனால் சொல்ல முடியாது.

முதலில் தொட்டியைப் பார்ப்போம், ஏமாற்று அதிகம் நடப்பது அங்கேதான். பாத்திரம், தொட்டி செய்யும் நல்ல எவர்சில்வர் பெரும்பாலும் 304 ரகம். அதில் நிக்கல் சுமார் 8 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். எவர்சில்வருக்குக் கிடைக்கும் விலையில் பெரும்பங்கு அந்த நிக்கலுக்குத்தான். தகடாக இருக்கும்போது இது காந்தத்தில் ஒட்டாது. ஆனால் அதே தகட்டை அச்சில் வைத்து அழுத்தித் தொட்டியாக இழுக்கும்போது, வளைந்த இடங்களில் உலோகத்தின் உள்ளமைப்பு மாறி லேசான காந்த ஈர்ப்பு வந்துவிடும். நிக்கல் குறையவில்லை, கலப்படமும் இல்லை. வளைத்ததால் வந்த மாற்றம் மட்டும்தான். கடைக்காரர் காந்தத்தை எங்கே வைத்தார் என்று நினைத்துப் பாருங்கள். மூலையிலோ, தண்ணீர் வெளியேறும் துளையின் ஓரத்திலோதான் வைத்திருப்பார். நீங்கள் அதே காந்தத்தை வாங்கி, தொட்டிக்குப் பக்கத்தில் பாத்திரம் வைக்கும் தட்டையான பரப்பின் நடுவில் வையுங்கள். அங்கே வழுக்கி விழுந்து, மூலையில் மட்டும் மெதுவாகப் பிடித்தால் அது இரும்பு இல்லை. எந்த இடத்தில் வைத்தாலும் 'டக்' என்று இறுகப் பிடித்தால் அது நிக்கல் இல்லாத 430 போன்ற ரகம். அதற்கு விலை குறைவுதான், ஆனாலும் அதுவும் சாதாரண இரும்பு அல்ல.

இங்கே கிரைண்டர் உதவும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, நிழலான இடத்தில், தொட்டியின் விளிம்பை லேசாகத் தொட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே ஒரு சாதாரண கட்டுமானக் கம்பியையும் தொடுங்கள். பொறியைத் தனியாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. தெரிந்த ஒரு துண்டோடு ஒப்பிட்டால்தான் கண்ணுக்குப் பிடிபடும். கம்பியில் பொறி நீளமாக, வெளிர் மஞ்சளாகப் பறந்து, நுனியில் ஆங்காங்கே கிளை பிரியும். 304 தொட்டியில் குட்டையாக, ஆரஞ்சு நிறத்தில், கிளை அதிகம் பிரியாமல் அடங்கிவிடும். இந்த வித்தியாசத்தைக் கடைக்காரர் முன்னாலேயே காட்டிவிட்டால் "இரும்பு" என்ற பேச்சு அதோடு நின்றுவிடும்.

இன்னொரு காந்த வித்தையும் உண்டு. சிறிய, மிகச் சக்திவாய்ந்த நியோடிமியம் காந்தத்தைத் தடித்த செம்புப் பட்டையிலோ அலுமினியக் கட்டியிலோ வேகமாக நகர்த்தினால், தேனுக்குள் இழுப்பதுபோல் கை தடைபடும். "பாருங்கள், பிடிக்கிறது, இரும்பு கலந்திருக்கிறது" என்பார்கள். அது ஈர்ப்பு இல்லை. காந்தம் நகரும்போது உலோகத்துக்குள் மின்சாரம் சுழன்று, அந்த நகர்வை எதிர்க்கிறது. நல்ல செம்பில்தான் இந்தத் தடை அதிகம். காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அசையாமல் நிற்கும்போது பொருளைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். உண்மையில் இரும்பு இருந்தால் நின்ற நிலையிலேயே காந்தம் அதன் பக்கம் சாயும்.

சரி, வால்வுகள். இதில் கடைக்காரர் பாதி சரி. கைச்சக்கரம், அதைப் பிடித்திருக்கும் நட்டு, கைப்பிடி இவையெல்லாம் பெரும்பாலும் இரும்பு. ஆனால் ஐந்தில் ஒன்று என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? உங்களிடம் பத்து கிலோ வால்வு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்பேனரை எடுத்து எல்லாக் கைச்சக்கரத்தையும் கழற்றி எடை போட்டால் 800 கிராம் வருகிறது. கடைக்காரர் கழித்தது இரண்டு கிலோ. அதாவது 1.2 கிலோ பித்தளை அவருக்குச் சும்மா போகிறது, 800 கிராம் இரும்புக்கும் காசு தரவில்லை. கழற்றிய பிறகு ஒவ்வொரு உடலிலும் காந்தத்தை ஓட்டி, எங்கும் ஒட்டவில்லை என்று பாருங்கள். வெள்ளி நிறப் பூச்சு உள்ள குழாய், கைப்பிடி எதுவானாலும் மறைவான ஓரத்தில் அரத்தால் ஒரு இழு இழுங்கள். உள்ளே மஞ்சளாக இருந்தால் பித்தளை. சாம்பல் கலந்த வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் துத்தநாக வார்ப்பு. அதுவும் காந்தத்தில் ஒட்டாது. அதனால் காந்தத்தை மட்டும் நம்பினால் இது பித்தளையோடு கலந்துபோகும், பிறகு அதைக் காரணம் காட்டி மொத்தக் குவியலுக்கும் விலையை இறக்குவார்கள்.

பித்தளைக்கும் செம்புக்கும் அலுமினியத்துக்கும் அரம் போதும். இவற்றிலிருந்து பொறி வராது, கிரைண்டரில் வைப்பதால் தெரியப்போவது ஒன்றும் இல்லை. முக்கியமாக, அலுமினியத்தை இரும்பு தீட்டும் கல்லில் வைக்கவே வைக்காதீர்கள். மென்மையான உலோகம் கல்லின் துளைகளில் அப்பிக்கொள்ளும், கல் சூடேறும், சுழலும்போதே உடைந்து தெறிக்கவும் கூடும். அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் கலந்து கிடக்கும் இடத்தில் பொறி விழுந்தால் கடும் சூட்டோடு தீப்பிடிக்கும். சட்டங்களில் நீங்கள் செய்ய வேண்டியது இரும்பு ஸ்க்ரூ, ரப்பர், கண்ணாடித் துண்டு எல்லாவற்றையும் எடுப்பது மட்டுமே.

வயரை ஒரு முனையில் வெட்டி, வெட்டு முகத்தைப் பாருங்கள். உள்ளேயும் வெளியேயும் சிவப்பாக இருந்தால் செம்பு. வெளியே சிவப்பு, நடுவில் வெள்ளை என்றால் செம்பு பூசிய அலுமினியம். காந்தம் இதைக் காட்டிக்கொடுக்காது. வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு, அதை அலுமினியம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உறையை எரித்து எடுக்காதீர்கள். நச்சுப் புகை ஒரு பக்கம். எரிந்த செம்பு கறுத்து, பளபளக்கும் முதல் தரத்திலிருந்து இறங்கிவிடும். கத்தியால் உரித்தால் தரம் அப்படியே நிற்கும்.

எனக்கு ஆத்திரம் வருவது ஒரு விஷயத்தில்தான். பெரிய கிடங்குகளில் உலோகத்தின் மேல் வைத்தால் சில நொடிகளில் கலவையைக் காட்டும் எக்ஸ்ரே கருவி இருக்கிறது. மேலே விற்கும்போது அந்தக் கருவி காட்டும் அளவுக்கு விலை, உங்களிடம் வாங்கும்போது கண் மதிப்பு! ரசீதிலும் "கலப்பு" என்று ஒரே வரி. தரம் வாரியாக எழுதாத ரசீதை வைத்துக்கொண்டு நீங்கள் யாரிடம் போய்க் கேட்பது?

அதனால் எல்லாவற்றையும் வீட்டிலேயே தனித்தனிச் சாக்கில் பிரித்து, ஒவ்வொன்றையும் எடை போட்டு எழுதிக்கொண்டு போங்கள். கடையில் ஒவ்வொரு சாக்காக எடை போடச் சொல்லுங்கள். விலை பேசி முடிக்கும் முன் எதையும் தரையில் கொட்ட விடாதீர்கள். தொட்டிக்கு 304 விலை கேட்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: நிக்கல் குறைந்து மாங்கனீசு கூடிய 201 ரகமும் காந்தத்தில் இதே மாதிரிதான் நடந்துகொள்ளும், பொறியிலும் பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதற்கு அந்தக் கருவிதான் வேண்டும். இரண்டு தொட்டியையும் கருவி வைத்திருக்கும் கிடங்குக்கு எடுத்துப்போய், எண்ணைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.