கூட்டினால் வரும் குழப்பம்

வணக்கம் ஐயா,

என் மகள் பதினொன்றாம் வகுப்பு, தமிழ்வழி. கரிமச் சேர்மங்களுக்குப் பெயரிடும் பாடம் நடக்கிறது. “இரண்டு பக்கமிருந்தும் எண் போட்டுக் கூட்டிப் பார், எதில் கூட்டுத்தொகை குறைவோ அதுதான் சரி” என்று ட்யூஷனில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியே செய்து 3,4,9-ட்ரைமெத்தில்டெக்கேன் என்று எழுதினாள். பள்ளியில் அதை அடித்துவிட்டு 2,7,8 என்று திருத்தியிருக்கிறார்கள். 16-ஐவிட 17 எப்படிச் சிறியதாகும் என்று கேட்கிறாள். அதே நோட்டில் 2-எத்தில்ஹெக்ஸ்-1-ஈன் என்ற விடைக்குச் சரி போட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு இணையதளம் அதே படத்துக்கு 3-மெத்திலிடீன்ஹெப்டேன் என்கிறது. யார் சொல்வதைக் கேட்பது? நான் படித்தது வணிகவியல்.

ம., கரூர்

அன்புள்ள ம.,

முதல் கேள்வியில் பள்ளி பக்கம்தான் நியாயம். கூட்டல் கணக்கு விதியே கிடையாது. அது ஒரு குறுக்குவழி. பெரும்பாலான நேரம் சரியான விடையைக் கொடுத்துவிடுவதால், இது தப்பு என்று யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது.

மகள் போட்ட படத்தை ஒரே வரியில் எழுதினால் இப்படி வரும்:

CH3–CH2–CH(CH3)–CH(CH3)–CH2–CH2–CH2–CH2–CH(CH3)–CH3

அடைப்புக்குறிக்குள் இருக்கும் மூன்று CH3-களும் கிளைகள். மற்றதெல்லாம் சேர்ந்து பத்து கார்பன் கொண்ட நேர் சங்கிலி. இடமிருந்து எண்ணினால் கிளைகள் 3, 4, 9-இல் நிற்கும். வலமிருந்து எண்ணினால் 2, 7, 8. இந்த இரண்டு வரிசைகளையும் சிறியதிலிருந்து பெரியதாக எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதல் எண்ணை முதல் எண்ணோடு ஒப்பிட வேண்டும். 3-க்கு எதிரே 2. இரண்டு சிறியது. வேலை முடிந்தது, மிச்ச எண்களைப் பார்க்கவே தேவையில்லை. முதல் எண்கள் சமமாக இருந்தால்தான் இரண்டாவதுக்குப் போகிறோம்.

அகராதியில் சொல் தேடுவதும் இதே வேலைதான். ‘கடல்’ முன்னே வருமா ‘கடிதம்’ முன்னே வருமா என்றால், முதலெழுத்து ஒன்றாக இருப்பதால் அடுத்த எழுத்துக்குப் போகிறோம். ட முந்தி, டி பிந்தி. அதற்குப் பிறகு என்ன எழுத்து வந்தாலும் வரிசை மாறாது.

இரண்டாவது எண் வரை போக வேண்டிய ஒன்றைப் பார்க்க வேண்டுமானால், பெட்ரோலின் ஆக்டேன் எண்ணுக்கு 100 என்று அளவுகோலாக வைத்திருக்கும் ஐசோஆக்டேனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முறையான பெயர் 2,2,4-ட்ரைமெத்தில்பென்டேன். மறுபக்கத்திலிருந்து எண்ணினால் 2,4,4. முதல் எண் இரண்டிலும் 2. அடுத்த இடத்தில் 2-க்கு எதிரே 4 இருப்பதால் 2,2,4 ஜெயிக்கிறது. கூட்டிப் பார்த்தாலும் 8-க்கு எதிரே 10, அதே விடைதான். குறுக்குவழி இப்படித்தான் பிழைத்துக்கொள்கிறது.

எப்போது மாட்டிக்கொள்ளும்? நீங்கள் கணக்குப் புரிந்தவர், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பத்து கார்பன் சங்கிலியில் எந்தக் கார்பனை எடுத்தாலும் இடப்பக்க எண்ணும் வலப்பக்க எண்ணும் சேர்ந்து 11 வரும். கிளைகள் இரண்டே இரண்டு என்றால், ஒரு பக்கமிருந்து 2, 8 என்று நிற்பவை மறுபக்கமிருந்து 3, 9 ஆகும். முதல் எண் எந்தப் பக்கம் சிறியதோ, கூட்டுத்தொகையும் அந்தப் பக்கமே சிறியதாக இருந்தாக வேண்டும். சங்கிலி எவ்வளவு நீளமானாலும், கிளைகளை எங்கே மாற்றி வைத்தாலும் இது பொய்க்காது. பாடநூல் பயிற்சிகளில் இரண்டு கிளைக் கணக்குகள் நிறைய வருவதால், கூட்டிப் பார்த்தவர்களுக்கு ஆண்டு முழுக்க முழு மதிப்பெண் கிடைத்துவிடும்.

மூன்றாவது கிளை வந்ததும் கதை மாறுகிறது. மகளின் சேர்மத்தில் ஓரங்களில் உள்ள இரண்டு கிளைகளை மட்டும் பாருங்கள்: வலமிருந்து 2+8=10, இடமிருந்து 3+9=12. வலப்பக்கத்துக்கு இரண்டு லாபம். ஆனால் நடுவில் நிற்கும் கிளை வலமிருந்து 7, இடமிருந்து 4. அங்கே வலப்பக்கத்துக்கு மூன்று நஷ்டம். மொத்தத்தில் ஒன்று கூடிப்போய் 17-க்கு எதிரே 16 என்று ஆகிவிட்டது. முதல் எண்ணிலேயே தீர்ப்பு வந்துவிட்ட வழக்கில் நடுக்கிளை குறுக்கே புகுந்து சாட்சி சொல்கிறது, அவ்வளவுதான். சேர்மங்களுக்குப் பெயரிடும் விதிகளை வகுக்கும் உலக அமைப்பான ஐ.யு.பி.ஏ.சி. 1979-இல் வெளியிட்ட விதித்தொகுப்பிலேயே இதே 2,7,8-ட்ரைமெத்தில்டெக்கேன் எடுத்துக்காட்டாக இருக்கிறது. இந்த இடத்தில் ஆட்கள் தடுக்கி விழுவார்கள் என்று அப்போதே தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

ட்யூஷன் சாரிடம் காட்டுவதற்கு இன்னும் சின்னதாக ஒன்று தருகிறேன்:

CH3–CH(CH3)–CH2–CH2–C(CH3)2–CH2–CH3

இடமிருந்து 2,5,5. வலமிருந்து 3,3,6. கூட்டினால் இரண்டு பக்கமும் 12. குறுக்குவழிக்காரர் இங்கே நாணயம் சுண்டிப் பார்க்க வேண்டியதுதான். விதிப்படி பார்த்தால் ஒரு நொடி வேலை: 2,5,5-ட்ரைமெத்தில்ஹெப்டேன். நடுவில் இன்னொரு CH2-ஐச் செருகி ஆக்டேன் ஆக்கினால் 2,6,6-க்கு எதிரே 3,3,7 வரும். அங்கே கூட்டல் (14, 13) தப்பான பக்கத்தையே கைகாட்டும்.

சரி, இரண்டாவது கேள்வி. இங்கே பள்ளியும் தப்பில்லை, இணையதளமும் தப்பில்லை. படம் இது:

CH2=C(CH2CH3)–CH2–CH2–CH2–CH3

இதில் மிக நீளமான சங்கிலி எது? இரட்டைப் பிணைப்போடு சேர்த்து எண்ணினால் ஆறு. ஆனால் அந்த CH2=-ஐ விட்டுவிட்டு, அடைப்புக்குள் இருக்கும் எத்திலின் நுனியில் தொடங்கி எண்ணுங்கள்: எத்திலில் இரண்டு, பிறகு நடுக்கார்பன், அப்புறம் நான்கு. மொத்தம் ஏழு. பழைய விதிப்படி, இரட்டைப் பிணைப்பு முதன்மைச் சங்கிலிக்குள் இருந்தாக வேண்டும், நீளம் அதற்கு அடுத்தபடிதான். அப்படிப் பார்த்தால் ஆறு கார்பன் சங்கிலி, பெயர் 2-எத்தில்ஹெக்ஸ்-1-ஈன். ஐ.யு.பி.ஏ.சி.யிடமிருந்து 2013-இல் வந்த பரிந்துரைகள் இந்த முன்னுரிமையைத் தலைகீழாக்கிவிட்டன. இப்போது நீளம்தான் முதலில். நீளம் சமமானால்தான் இரட்டைப் பிணைப்பு உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆகவே ஏழு கார்பன் சங்கிலி முதன்மையாகிறது, வெளியே நிற்கும் CH2= வெறும் கிளையாகி ‘மெத்திலிடீன்’ என்ற பெயர் பெறுகிறது. பள்ளிப் புத்தகங்கள் பழைய முறையில்தான் இருக்கின்றன. தேர்வில் மகள் புத்தகப்படியே எழுதட்டும்.

இந்த மாற்றம் இரட்டைப் பிணைப்புக்கும் மும்மைப் பிணைப்புக்கும் மட்டும்தான். –OH, –COOH போன்ற முதன்மைத் தொகுதி இருந்தால், அன்றும் இன்றும் அதைத் தாங்கும் சங்கிலிக்குத்தான் முதலிடம். மேலே உள்ள CH2=-க்குப் பதிலாக HOCH2– போட்டு, நடுக்கார்பனில் ஒரு ஹைட்ரஜனையும் சேருங்கள். இப்போதும் ஏழு கார்பன் சங்கிலி இருக்கிறது, ஆனால் –OH அதில் இல்லை. ஆறு கார்பன் சங்கிலியே முதன்மை, –OH இருக்கும் முனையிலிருந்து எண்: 2-எத்தில்ஹெக்சன்-1-ஆல்.

இந்த ஆல்கஹாலோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. பி.வி.சி. கேபிள் செய்யும் இடத்தில் ஆய்வகத்தில் இருந்தேன். பி.வி.சி.யை வளையவைக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற திரவத்தை இந்த ஆல்கஹாலில் இருந்துதான் செய்வார்கள். ஒருமுறை ஒரு சோதனைக்கு ஆக்டன்-1-ஆல் தேவைப்பட்டது. சீட்டில் சோம்பேறித்தனமாக ‘ஆக்டனால்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டேன். வந்ததைக் காய்ச்சி வடித்தால் வெப்பமானி 195 டிகிரிக்குப் போகாமல் 184-லேயே நின்றுவிட்டது. வந்தது 2-எத்தில்ஹெக்சன்-1-ஆல். அதிலும் எட்டு கார்பன்தானே, வியாபாரத்தில் அதையும் ஆக்டனால் என்றே சொல்வார்கள். சப்ளையரோடு சண்டை போட முடியவில்லை, எழுதியது நான்.

‘2-எத்தில்’ என்று சொல்லும்போதே ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. வெறும் ஆல்கேன்களில் 2-எத்தில், 3-புரோப்பில் என்று விடை வந்தால் மகள் உடனே நிறுத்திவிட வேண்டும். இரண்டாம் கார்பனுக்கு வெளியே சங்கிலியில் ஒரே ஒரு கார்பன்தான் இருக்கிறது. அங்கே தொங்கும் எத்திலில் இரண்டு. அப்படியானால் எத்தில் வழியாகப் போயிருந்தால் சங்கிலி ஒரு கார்பன் நீண்டிருக்கும். படத்தில் நேர்கோடாக வரைந்ததையே சங்கிலி என்று எடுத்துக்கொண்டதால் வரும் பிழை இது. கோடு வளைந்து போனாலும் சங்கிலி சங்கிலிதான். மேலே உள்ள ஈனிலும் ஆல்கஹாலிலும் ‘2-எத்தில்’ செல்லுபடியாவதற்கு ஒரே காரணம், சங்கிலி எங்கே முடிய வேண்டும் என்பதை அங்கே நீளம் தீர்மானிக்கவில்லை.

மகள் தமிழ்வழி என்பதால் இன்னொன்று. கிளைகளின் பெயர்களை அகரவரிசையில் எழுத வேண்டும் என்று படித்திருப்பாள். அந்த அகரவரிசை ஆங்கிலத்துடையது. எத்தில், மெத்தில் என்று இருக்கும்வரை நம் வரிசையிலும் எ முந்தி, ம பிந்தி என்று ஒத்துப்போய்விடும். புரோமோவும் குளோரோவும் சேர்ந்து வந்தால்தான் சிக்கல். தமிழில் க முன்னே, ப பின்னே. ஆங்கிலத்தில் புரோமோவின் பி முன்னே, குளோரோவின் சி பின்னே. மூன்று கார்பன் சங்கிலியின் ஒரு முனையில் Br, மறு முனையில் Cl இருந்தால் எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் 1,3 தான். எண்களால் தீராதபோது மட்டுமே எழுத்துவரிசையைக் கேட்கிறோம். அது புரோமோவுக்கு 1-ஐக் கொடுக்கிறது: 1-புரோமோ-3-குளோரோபுரோப்பேன். நோட்டில் இதற்குக் குளோரோவை முதலில் எழுதியிருந்தால், அதையும் இப்போதே திருத்திவிடச் சொல்லுங்கள்.