கோடு போட்ட துணி வாங்கப் போகிறீர்களா? கேள்வி-பதில்

கேள்வி: கொஞ்சம் பருமனான உடம்பு எனக்கு. குறுக்குக் கோடு போட்டால் இன்னும் குண்டாகத் தெரியும் என்கிறார்கள். நெடுக்குக் கோடு குர்தி மட்டும்தான் வாங்க வேண்டுமா? (வாசகி, திருச்சி)

பதில்: அப்படி ஒரு விதியே கிடையாது. ஒரே அளவில் இரண்டு சதுரம் வரைந்து, ஒன்றில் குறுக்காகவும் மற்றதில் நெடுக்காகவும் கோடு போட்டால், குறுக்குக் கோட்டுச் சதுரம்தான் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரியும். ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை 1867-லேயே எழுதிவிட்டார். 2011-இல் பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழகத்தில் பீட்டர் தாம்ப்சன் உடை அணிந்த உருவங்களை வைத்துச் சோதித்தபோதும், குறுக்குக் கோடு குண்டாகக் காட்டவில்லை. ஆனால் 2013-இல் ஜப்பானில் செய்த ஆய்வில், ஒல்லியான உருவத்தில் கிடைக்கும் இந்தப் பலன் பருமன் கூடக் கூடக் குறைந்துவிடுவது தெரிந்தது. அதனால் குறுக்குக் கோடு உங்களை இளைக்க வைக்கும் என்றும் நம்ப வேண்டாம்.

திசையைவிட அகலத்தையும், கோடு விழும் இடத்தையும் பாருங்கள். இரண்டு அங்குலப் பட்டை சரியாக இடுப்பின் அகலமான இடத்தில் விழுந்தால் பார்ப்பவர் கண் அங்கேயே நிற்கும். அரை அங்குலத்துக்குக் குறைவான கோடு என்றால் எந்த இடமும் தனியாகத் துருத்தாது. நெடுக்குக் கோட்டுக்கு இன்னொரு தொல்லை உண்டு. உடை இறுக்கமாக இருந்தால் வயிற்றிலும் இடுப்பிலும் கோடு வெளிப்பக்கமாக வளையும். வளைந்த கோடு, மறைக்க நினைத்த இடத்தை வரைந்தே காட்டிவிடும். டிரையல் ரூமில் நின்று மட்டும் பார்க்காமல் ஒருமுறை உட்கார்ந்தும் பாருங்கள். கோடு வளைந்தால் ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள்.

கேள்வி: பின் ஸ்ட்ரைப் கோட் துணி எடுத்தேன். பத்து அடி தள்ளி நின்று பார்த்தால் கோடே தெரியவில்லை. ஏமாந்துவிட்டேனா? (வாசகர், கோவை)

பதில்: இல்லை. ஊசி போன்ற கோடு தள்ளி நின்றால் துணியோடு கலந்துவிடும், பின் ஸ்ட்ரைப்பே அப்படித்தான். தூரத்திலும் கோடு தெரிய வேண்டுமென்றால் அதைவிடத் தடிமனான சாக் ஸ்ட்ரைப் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: ஆன்லைனில் நீலமும் வெள்ளையுமாக 'செயிலர் ஸ்ட்ரைப்' டி-ஷர்ட் வாங்கினேன். கோடு துணியோடு பின்னியது என்று போட்டிருந்தார்கள். வந்ததைத் திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் முழுக்க வெள்ளை. திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். (வாசகி, சேலம்)

பதில்: உங்களை ஏமாற்றித்தான் இருக்கிறார்கள். உள்பக்கம் வெள்ளையாக இருந்தால் அது அச்சுக் கோடு. பின்னிய கோடு என்றால் நீல நூலையே மெஷினில் ஓட்டியிருப்பார்கள், உள்ளேயும் நீலம் தெரியும். அச்சுக் கோட்டை மார்புப் பக்கம் லேசாக இழுத்துப் பாருங்கள், நீலத்துக்கு நடுவே வெள்ளை எட்டிப் பார்க்கும். நாலைந்து சலவைக்குப் பிறகு இழுக்காமலே தெரியும்.

2020-ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. பின்னிய கோடு என்று எழுதியிருந்த பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு அந்த வரியை மாற்றிவிடுவார்கள். சட்டையின் உள்பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள்.

கோட்டின் அளவையும் பார்த்துவிடுங்கள். 1858-இல் பிரெஞ்சுக் கடற்படை மாலுமிகளுக்கு வகுத்த அளவு வெள்ளை 20 மில்லிமீட்டர், நீலம் 10 மில்லிமீட்டர். வெள்ளை இரண்டு பங்கு, நீலம் ஒரு பங்கு என்பதால்தான் அந்தச் சட்டை பளிச்சென்று இருக்கிறது. நீலமும் வெள்ளையும் சமமாக இருந்தால் அந்தத் தோற்றம் வராது. ஆனால் அளவு மாறியதை மட்டும் வைத்துப் புகார் நிற்காது, பேரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள்.

கேள்வி: பச்சை வெள்ளையில் இரண்டிரண்டு அங்குலக் குறுக்குப் பட்டை போட்ட ஆனிங் ஸ்ட்ரைப் துணி, 44 அங்குலப் பன்னா, குர்திக்கு 2.8 மீட்டர் எடுத்தேன். முன்பக்கக் கோடும் பின்பக்கக் கோடும் விலாத் தையலில் சேரவில்லை. டெய்லர் துணி போதவில்லை என்கிறார். (வாசகி, மதுரை)

பதில்: டெய்லர் சொல்வது சரி. கடை வாசலில் வெயிலுக்குக் கட்டும் கித்தானில் இருப்பது போன்ற பட்டை இது. இந்த அகலத்தில் கால் அங்குலம் விலகினாலே கண்ணில் அடிக்கும்.

கணக்கைப் பாருங்கள். பச்சை இரண்டு, வெள்ளை இரண்டு. ஆக நான்கு அங்குலத்துக்கு ஒருமுறை கோடு திரும்ப வருகிறது. மடிப்பையும் சேர்த்து முன்பக்கம் 46 அங்குலம், பின்பக்கம் 46, கைகள் இரண்டையும் பக்கம் பக்கமாகப் போட்டால் 18. மொத்தம் 110 அங்குலம், அதாவது 2.8 மீட்டர். கடைக்காரர் இதை மட்டும் கணக்குப் போட்டுக் கிழித்திருக்கிறார். ஆனால் முன்பக்கத்தைப் பச்சையின் தொடக்கத்தில் ஆரம்பித்தால் 46 அங்குலம் வெள்ளையின் தொடக்கத்தில் முடிகிறது. பின்பக்கமும் பச்சையில் ஆரம்பிக்க இரண்டு அங்குலம் விட வேண்டும். கையின் கோடு அக்குள் மட்டத்தில் உடம்புக் கோட்டோடு சேர வேண்டும், அதற்கு மேலும் கீழும் நகர்த்த நான்கு அங்குலம் வரை போகும். மூன்று மீட்டர் எடுத்திருந்தால் சரியாக வந்திருக்கும். இதே குர்தி மூன்று மில்லிமீட்டர் கேண்டி ஸ்ட்ரைப் துணியில் என்றால், கூடுதலாக அரை அங்குலமே போதும்.

இப்போதைக்குக் கையை அரைக்கையாக்கச் சொல்லுங்கள். மிச்சமாகும் துணியில் பின்பக்கத்தைச் சேர்த்து வெட்டிவிடலாம். வெட்டி முடித்துவிட்டார் என்றால் வழியில்லை.

கேள்வி: 1,800 ரூபாய் கோடு போட்ட சட்டை. பாக்கெட் கோடு ஒருபக்கம், சட்டைக் கோடு ஒருபக்கம். இதைக் குறை என்று சொல்லலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள். இந்த விஷயத்தில் எனக்கு அடங்காத கோபம் உண்டு, என் அலமாரியிலும் இப்படி ஒரு சட்டை தொங்குகிறது. தொழிற்சாலையில் துணியை அடுக்கடுக்காக விரித்து மொத்தமாக வெட்டுகிறார்கள். பாக்கெட்டின் கோடு சேர வேண்டுமென்றால் ஒவ்வொரு பாக்கெட்டையும் அதன் சட்டையோடு வைத்துப் பார்த்து வெட்ட வேண்டும். அதற்கு நேரமும் துணியும் செலவாகும். அந்தச் செலவை மிச்சம் பிடித்துவிட்டு விலையை மட்டும் குறைக்காமல் விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வேலை தெரிந்தவர், சேர்க்க முடியாத விலை என்றால் பாக்கெட்டைக் குறுக்காகத் திருப்பி வெட்டிவிடுவார். அது வேண்டுமென்றே செய்ததாகத் தெரியும், குறையாகத் தெரியாது.

கடையிலேயே மூன்று இடம் பாருங்கள். பாக்கெட் ஓரத்தில் கோடு தொடர்கிறதா? பட்டன் போட்டதும் பட்டியின் இருபுறமும் இடைவெளி கெடாமல் வருகிறதா? காலரின் இரண்டு முனையிலும் ஒரே கோடு விழுகிறதா? தோள் தையலிலும் கை சேரும் வளைவின் மேல்பாதியிலும் கோடு சேராது. துணி அங்கே சாய்வாகப் போகிறது, அதற்காகக் கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம்.

கேள்வி: சிவப்பு வெள்ளை கேண்டி ஸ்ட்ரைப் சட்டை, முதல் சலவையிலேயே வெள்ளைக் கோடு ரோஸாகிவிட்டது. பில் வாங்கவில்லை. என்ன செய்யலாம்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பில் இல்லாமல் கடையில் கேட்டு வாங்குவது கடினம். சிவப்பும் வெள்ளையும் ஒட்டி நிற்கும் துணியை வாங்கும்போது கைக்குட்டையின் முனையை நனைத்து உள்தையலில் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள் என்று இதே பகுதியில் பலமுறை எழுதியாகிவிட்டது. இந்தச் சட்டையைக் காயவிடாமல் நனைத்தபடியே குளிர்ந்த நீரில் திரும்பத் திரும்ப அலசுங்கள், ஓரளவு இறங்கும். வெந்நீரில் போடாதீர்கள், சிவப்பு இன்னும் விடும். ஏற்கெனவே இஸ்திரி போட்டுவிட்டீர்கள் என்றால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.