‘எக்ஸ்பெக்டட் எவ்வளவு?’ என்று கேட்கும் முன் போட வேண்டிய கணக்கு

அன்புள்ள ஐயா,

ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியிலிருந்து உங்கள் மகனுக்கு வந்த போன் பற்றி எழுதியிருந்தீர்கள். “எக்ஸ்பெக்டட் எவ்வளவு?” என்று கேட்டதற்குத் தம்பி “கம்பெனி நார்ம்ஸ் படி கொடுங்க மேடம்” என்றும், “எப்ப ஜாயின் பண்ணுவீங்க?” என்றதற்கு “உடனே வந்துடுறேன்” என்றும் சொல்லிவிட்டதாகச் சொல்கிறீர்கள். அதிகமாகக் கேட்டால் கிடைக்கிற வாய்ப்பும் போய்விடுமோ என்பதுதான் உங்கள் பயம். வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த இரண்டு பதிலைத்தான் சொல்கிறார்கள். இரண்டுமே அவர்களுக்கு நஷ்டம். நல்ல வேளை, இன்னும் எதுவும் எழுத்தில் வரவில்லை. அடுத்த போன் வருவதற்குள் சரிசெய்துவிடலாம்.

முதலில் தம்பி இப்போது உண்மையில் என்ன வாங்குகிறார் என்று பார்ப்போம். நீங்கள் அனுப்பிய சம்பள விவரத்தில் சி.டி.சி., அதாவது கம்பெனி அவருக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு, 4,20,000 ரூபாய். அதில் கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 21,600, கிராஜுவிட்டி 8,658, இன்சூரன்ஸ் 6,000, ஆண்டு இறுதியில் தருகிற வேரியபிள் 30,000. இவற்றைக் கழித்தால் மாதச் சம்பளம் சுமார் 29,500. அதிலும் அவர் பங்கு பி.எஃப். 1,800, தொழில் வரி போய், கையில் வருவது 27,500 பக்கம். பி.எஃப். அவருடைய சேமிப்பு, அது எங்கும் போகாது. கிராஜுவிட்டி அப்படியில்லை. நிரந்தர ஊழியராக ஐந்து வருடம் முடிக்காமல் அது கைக்கு வராது. தம்பிக்கு மூன்று வருடம்தான் ஆகிறது.

இப்போது அவர் சத்துவாச்சாரி வீட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ராணிப்பேட்டை சிப்காட் போய் வருகிறார். சாப்பாடு வீட்டிலும் கேன்டீனிலும். ஸ்ரீபெரும்புதூர் என்றால் ஷிப்ட் வேலைக்குத் தினமும் போய்வர முடியாது, அறை எடுக்க வேண்டும். நண்பர்களோடு பகிர்ந்தாலும் வாடகை, மெஸ், வாரக் கடைசியில் ஊருக்கு வந்துபோவது எல்லாம் சேர்த்து மாதம் 9,500 ஆகும் என்று அவரே விசாரித்து வைத்திருக்கிறார்.

இந்த நிலையில் “முப்பது பர்சென்ட் ஹைக் தர்றோம்” என்று சொன்னால் வீட்டில் எல்லோரும் மகிழ்ந்துபோவோம். கணக்கைப் பாருங்கள். 4.2 லட்சத்துக்கு 30 சதவீதம் கூட்டினால் 5,46,000. அதில் பத்து சதவீதம் வேரியபிள் என்று வைத்துவிடுவார்கள். அடிப்படைச் சம்பளமான பேசிக், மொத்தத்தில் பாதி என்றால் மாதம் 22,750. அதன் முழுத் தொகைக்கும் 12 சதவீதம் பி.எஃப். பிடித்தால் இரு பக்கமும் 2,730. கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ், தொழில் வரி எல்லாம் போனால் கையில் வருவது சுமார் 33,700. கூடுதல் வரவு 6,200. கூடுதல் செலவு 9,500. முப்பது சதவீத உயர்வு வாங்கிக்கொண்டு மாதம் 3,300 ரூபாய் குறைவாகக் கையில் வைத்திருப்பார். பி.எஃப். கணக்கில் கொஞ்சம் கூடுதலாகச் சேரும், ஆனால் அதை மாதச் செலவுக்கு எடுக்க முடியாது.

அதனால் சதவீதத்தை விட்டுவிட்டுத் தொகையில் யோசிக்கச் சொல்லுங்கள். இப்போது இருப்பதைப்போலவே இருக்க, கையில் 37,000 வர வேண்டும். இதே பிடித்தங்களோடு திருப்பிப் போட்டால், வேரியபிள் சேர்க்காமல் ஃபிக்ஸட் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 5.3 லட்சம். அந்தத் தொகைக்குப் போவது சம்பளத்துக்காக அல்ல, வேலை அனுபவத்துக்காக மட்டுமே. நான் கடைசி எல்லையாக ஃபிக்ஸட் 5.6 லட்சத்தை வைப்பேன். கையில் 39,000 வரும். கேட்க வேண்டிய தொகை ஃபிக்ஸட் 6.25 லட்சம். பேசிப் பேசி ஆறில் நின்றாலும் 42,000 கையில் வரும். கம்பெனிக்குக் கம்பெனி பேசிக் வைக்கும் விதமும் பி.எஃப். பிடிக்கும் விதமும் மாறும், ஆகவே ஐந்நூறு, ஆயிரம் இப்படி அப்படி இருக்கலாம்.

6.25 கேட்கலாமா என்பதை அந்த ஊர்ச் சந்தைதான் சொல்ல வேண்டும். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை செய்கிற கல்லூரி சீனியர்கள் மூன்று நான்கு பேரிடம், “குவாலிட்டியில் மூன்று வருட அனுபவத்துக்கு ஃபிக்ஸட் எவ்வளவு?” என்று தம்பி கேட்கட்டும். சி.டி.சி. என்று கேட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். ஃபிக்ஸட் என்று கேட்டால்தான் ஒப்பிட முடியும். அவர்கள் சொல்வது ஐந்துக்குள்ளேயே இருந்தால், இந்த இடமாற்றம் இப்போது தேவையா என்று நீங்கள் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.

அடுத்தது பேசும் முறை. ஹெச்.ஆர். கேட்டவுடன் தொகையைச் சொல்லாமல், “மேடம், இந்தப் பொறுப்புக்கு ஒதுக்கியிருக்கிற ரேஞ்ச் என்னன்னு சொன்னீங்கன்னா, எனக்கு ஒத்துவருமான்னு சொல்லிடுறேன்” என்று ஒருமுறை கேட்கலாம். சிலர் சொல்லிவிடுவார்கள். “நீங்களே சொல்லுங்க” என்றால் இரண்டாம் முறை சுற்றி வளைக்காமல், “ஃபிக்ஸட் ஆறேகால் எதிர்பார்க்கிறேன்” என்று ஒரே தொகையாகச் சொல்லிவிட வேண்டும். “அஞ்சரையிலிருந்து ஆறரை” என்று சொன்னால் கேட்பவர் காதில் விழுவது அஞ்சரை மட்டும்தான். சொன்ன பிறகு பேச்சை நிறுத்த வேண்டும். அந்த நாலு விநாடி அமைதியைத் தாங்க முடியாமல் “இல்லன்னா கொஞ்சம் குறைச்சாலும் பரவாயில்ல” என்று நம் பிள்ளைகளே இறக்கிவிடுகிறார்கள்.

“இப்ப 4.2 தானே, முப்பது பர்சென்ட்டுக்கு மேல எங்க பாலிசியில இல்லையே” என்பது அடுத்து வரும். அப்போது அறை வாடகையைச் சொல்லக் கூடாது. அது நாம் முடிவெடுக்கப் போட்ட கணக்கு; கம்பெனி வேலைக்குத்தான் பணம் தருகிறது. தம்பியிடம் சொல்ல விஷயம் இருக்கிறது. “இப்போ வாங்குற சம்பளம் கேம்பஸ்ல சேர்ந்தப்ப நிர்ணயிச்சது மேடம். இப்ப சி.எம்.எம். அளவு மெஷினை நானே ஓட்டுறேன். புதுப் பார்ட்டுக்குக் கஸ்டமர் ஒப்புதல் வாங்குற பி.பி.ஏ.பி. ஆவணம் முழுசா தயார் பண்றேன். கஸ்டமர் கம்ப்ளெயின்ட் வந்தா 8டி ரிப்போர்ட் எழுதி அவங்க பிளான்ட்டுக்கே போய் முடிச்சுக் கொடுக்கிறேன். இந்த வேலைக்கு என்ன கொடுப்பீங்களோ அதை வெச்சுப் பாருங்க.” இதைக் கண்ணாடி முன் நின்றாவது சொல்லிப் பழகச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் இல்லாத விவரம் எதையும் சேர்க்க வேண்டாம்.

ஃபிக்ஸட்டைக் கூட்ட முடியாது, ஜாயினிங் போனஸ் தருகிறோம் என்றால் கவனம். அது ஒருமுறை வருவது. அடுத்த ஆண்டு இன்கிரிமென்ட் அதன்மேல் ஏறாது. ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் வழக்கமாக இருக்கும்.

இப்போதைய சம்பளத்தை மட்டும் ஏற்றிச் சொல்லக் கூடாது. கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு விவரமும் கேட்பார்கள், சிலர் ஃபார்ம் 16-ம் கேட்பார்கள். நூறு ரூபாய் பொய்யும் அங்கே தெரிந்துவிடும். எதிர்பார்ப்பை உயர்த்திச் சொல்வது நம் உரிமை. வாங்குவதை உயர்த்திச் சொன்னால் கையில் வந்த ஆஃபரே ரத்தாகும்.

நோட்டீஸ் விஷயத்துக்கு வருகிறேன். தம்பியின் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் 60 நாள் என்று இருக்கிறது. “உடனே வந்துடுறேன்” என்று சொன்னால், ஒன்று அவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார் என்று அர்த்தம், இல்லையென்றால் இப்போதைய கம்பெனியில் அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று அர்த்தம். இரண்டுமே சம்பளப் பேச்சில் அவர் கையைத் தளர்த்தும். அப்படி நின்றுவிட்டால் ரிலீவிங் லெட்டர் வராது, புதிய இடத்தின் சரிபார்ப்பில் அது மாட்டும். பி.எஃப். கணக்கில் பழைய கம்பெனியிலிருந்து விலகிய தேதியும் பதிவாகிறது. இரண்டு வேலையின் தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் கேள்வி வரும்.

சொல்ல வேண்டிய பதில் இதுதான்: “கான்ட்ராக்ட்படி 60 நாள். ஆஃபர் லெட்டர் வந்த மறுநாள் ரிசைன் பண்றேன். மேனேஜர்கிட்ட பேசி 45 நாளுக்குக் குறைக்க முயற்சி பண்ணலாம், ஆனா அது அவங்க சம்மதத்தைப் பொறுத்தது. அதுக்கும் முன்னாடி வேணும்னா பைஅவுட் நீங்க ஏத்துக்குவீங்களா?” ஜூன் 2-ல் ஆஃபர் வந்து 3-ம் தேதி ராஜினாமா மெயில் போனால், அந்த நாளையும் சேர்த்து எண்ண ஆகஸ்ட் 1 கடைசி வேலை நாள். இப்படித் தேதியாகவே சொல்வது நல்லது.

பைஅவுட் என்றால் வேலை செய்யாத நோட்டீஸ் நாட்களுக்குப் பணம் கட்டிவிட்டுப் போவது. அது பேசிக் மேலா, முழு மாதச் சம்பளத்தின் மேலா என்று ஆர்டரில் பார்க்க வேண்டும். தம்பிக்கு முப்பது நாளை வாங்க, பேசிக் என்றால் 15,000; முழுச் சம்பளம் என்றால் 29,500. அவசரம் புதிய கம்பெனிக்கு என்றால் அந்தச் செலவும் அவர்களுடையதாக இருப்பதுதான் நியாயம். ஆனால் பல ஆர்டர்களில் ‘நிர்வாகம் விரும்பினால் மட்டுமே’ என்று ஒரு வரி இருக்கும். அப்படியிருந்தால் பணம் கொடுத்தாலும் முன்கூட்டி விட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. அது தெரியாமல் சேரும் தேதியை உறுதி கொடுத்துவிட்டால் தம்பி இரண்டு பக்கமும் சிக்கிக்கொள்வார்.

இன்னொன்று, அந்த 30,000 வேரியபிள். பல கம்பெனிகளில் அது பட்டுவாடா செய்யும் நாளில் வேலையில் இருப்பவர்களுக்கு, அதுவும் ராஜினாமா கொடுக்காதவர்களுக்குத்தான் கிடைக்கும். எந்த மாதம் வருகிறது என்று பார்த்து, இழக்க வேண்டி வந்தால் அதையும் பேச்சில் வைக்கலாம். ஜாயினிங் போனஸ் கேட்க இதைவிடச் சரியான காரணம் வேண்டாம்.

கேட்டதற்காக ஆஃபரை எடுத்துவிடுவார்களா என்று கேட்டீர்கள். மரியாதையாக ஒரு தொகை கேட்டால் “இவ்வளவுதான் முடியும்” என்பார்கள், அவ்வளவுதான். ஒத்துக்கொண்ட பிறகு மறுபடி கூட்டிக் கேட்டால்தான் முகம் சுளிப்பார்கள். தம்பி “நார்ம்ஸ் படி” என்றது தொகையை ஒத்துக்கொண்டதாகாது. அடுத்த போனில், “அன்னைக்குப் பொறுப்பு முழுசா தெரியாம சொல்லிட்டேன், இப்ப ஜே.டி.யில வேலை விவரத்தைப் படிச்சுப் பார்த்தேன்” என்று தொடங்கி ஆறேகாலைச் சொல்லலாம். நீங்கள் மட்டும் ஹெச்.ஆரிடம் பேச வேண்டாம் ஐயா. அப்பா பேசினால் பிள்ளையின் மதிப்பு குறையும்.

பேசி முடிந்ததும் ஃபிக்ஸட், வேரியபிள், சேரும் தேதி, பைஅவுட் யார் தருவது ஆகிய நான்கையும் தம்பி ஒரு மெயிலில் எழுதி அனுப்பிப் பதில் வாங்கட்டும். ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை ராணிப்பேட்டையில் வாயைத் திறக்க வேண்டாம். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் நோட்டீஸ் பற்றிய பக்கத்தை இன்று மாலையே போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பேசிக்கா முழுச் சம்பளமா, ‘நிர்வாகம் விரும்பினால்’ என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.