முதுகெலும்பு ஏறியிருக்கிறது, இடுப்பு இறங்கியிருக்கிறது: எதை நம்புவது?

கேள்வி: எனக்கு 57 வயது. 50 வயதில் மாதவிடாய் நின்றது. இரண்டு வருடம் முன்பு எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்ததில் எலும்பு பலவீனமாகத் தொடங்கிவிட்டது என்றார்கள். அன்றிலிருந்து ஒரு நாள்கூட விடாமல் காலையில் கால்சியம் மாத்திரை, தினமும் 40 நிமிட நடை. இப்போது அதே இயந்திரத்தில் மறுபடி எடுத்தேன். டி-ஸ்கோர் என்ற எண்ணில் முதுகெலும்பு -2.0-லிருந்து -1.8 ஆகத் தேறியிருக்கிறது. ஆனால் இடுப்பில், தொடை எலும்பின் கழுத்து -2.3-லிருந்து -2.6-க்குப் போய்விட்டது. டாக்டர் வாரம் ஒரு மாத்திரை தொடங்கச் சொல்கிறார். கால்சியத்தைக் கூட்டிக்கொண்டு இன்னும் ஒரு வருடம் பார்க்கலாமா? தைராய்டுக்கும் அசிடிட்டிக்கும் மாத்திரை எடுக்கிறேன். மூன்றையும் காலையில் ஒன்றாகத்தான் போடுகிறேன். ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன்.

பதில்: ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம். உங்கள் டாக்டர் சொல்வது சரி. ஏன் என்பது ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.

முதல் பக்கத்தில் முதுகெலும்புக்கு -1.8 என்று ஒரே எண்ணாகப் போட்டிருக்கிறார்கள். அது கீழ்முதுகில் எல்1 முதல் எல்4 வரை நான்கு எலும்புகளையும் சேர்த்துக் கணக்கிட்டது. தனித்தனியாகப் பிரித்த அட்டவணை இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. எல்1, எல்2, எல்3 மூன்றும் -2.4-ஐ ஒட்டி நிற்கின்றன. எல்4 மட்டும் -0.2. ஒரே முதுகில் பக்கத்துப் பக்கத்து எலும்புகளுக்குள் இவ்வளவு வித்தியாசம் இயல்பாக வராது. பக்கத்தில் இருக்கும் படத்தைப் பாருங்கள். எல்4-இன் ஓரத்தில் பறவையின் அலகு போல வெள்ளையாக ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. மூட்டுத் தேய்மானத்தில் வளரும் எலும்பு முளை அது. ஸ்கேன் இயந்திரம் தன் வழியில் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து இருக்கிறது என்று மட்டும்தான் அளக்கும். அது உறுதியான எலும்பா, வேண்டாத முளையா என்று பிரித்துப் பார்க்காது. பக்கத்து எலும்பிலிருந்து 1.0-க்கு மேல் விலகி நிற்பதைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பது ஸ்கேன் படிப்பவர்கள் கைக்கொள்ளும் விதி. எல்4-ஐ நீக்கினால் உங்கள் முதுகெலும்பு -2.4. பழைய ஸ்கேனில் இதே மூன்றும் -2.3. அதாவது தேறவில்லை.

நம் பேச்சில் 'எலும்புத் தேய்மானம்' என்ற ஒரே சொல்லை மூட்டு தேய்வதற்கும் சொல்கிறோம், எலும்பு உள்ளுக்குள் மெலிந்து துளைவிழுவதற்கும் சொல்கிறோம். இரண்டும் வேறு நோய்கள். உங்கள் முதுகில் முதலாவது, இரண்டாவதை மறைத்துக்கொண்டு நிற்கிறது. 60 வயதை நெருங்கும்போது இது மிகவும் சகஜம். அந்த வயதுக்கு மேல் முதுகெலும்பு எண்ணைவிட இடுப்பு எண்ணை நான் அதிகம் நம்புவதற்கு இதுதான் காரணம்.

இடுப்புக்கு வருவோம். டி-ஸ்கோர் என்பது உங்கள் எலும்பை ஆரோக்கியமான இளம் பெண்களின் சராசரியோடு ஒப்பிடும் எண். -1 வரை இயல்பு, அதற்குக் கீழே போனால் மெலிவின் தொடக்கம், -2.5-ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை. முதுகு, முழு இடுப்பு, தொடைக்கழுத்து என்று எடுத்தவற்றில் எது மிகக் குறைவோ அதை வைத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். உங்களுக்கு அது -2.6.

ஆனால் இரண்டு ஸ்கேன்களை ஒப்பிடும்போது டி-ஸ்கோரைப் பார்க்கக் கூடாது. பக்கத்திலேயே பி.எம்.டி., அதாவது எலும்பு அடர்த்தி, என்று ஒரு கட்டம் இருக்கும், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்று. அதைத்தான் ஒப்பிட வேண்டும். தொடைக்கழுத்து சிறிய இடம், படுக்கையில் கால் கொஞ்சம் திரும்பினாலே அளவு மாறும். ஆகவே மாற்றத்துக்கு 'முழு இடுப்பு' வரியை எடுங்கள். உங்களுக்கு அது 0.722-லிருந்து 0.684 ஆகியிருக்கிறது. 5.3 சதவீதக் குறைவு. ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு முறை எடுத்தாலும் இந்த இயந்திரங்கள் கொஞ்சம் மாற்றிக் காட்டும். முழு இடுப்பில் 5 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அது இயந்திரத்தின் தடுமாற்றம் இல்லை, நிஜமான இழப்பு. முதுகில் நீங்கள் தேறியதாக நினைத்தது 0.827-லிருந்து 0.849, வெறும் 2.7 சதவீதம். முளையே இல்லாவிட்டாலும் அதை முன்னேற்றம் என்று சொல்லியிருக்க முடியாது.

சரி, விடாமல் கால்சியம் எடுத்தும் ஏன் இழப்பு? எலும்பு ஒரு முறை கட்டி முடித்த சுவர் இல்லை. ஒரு வகைச் செல்கள் பழைய எலும்பைத் தோண்டிக்கொண்டே இருக்கும், இன்னொரு வகை வந்து அந்தக் குழியை நிரப்பும். தோண்டச் சில வாரங்கள், நிரப்பச் சில மாதங்கள். தோண்டும் செல்களின் எண்ணிக்கையையும் ஆயுளையும் அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். மாதவிடாய் நிற்கும்போது அந்த அடக்குமுறை போய்விடுகிறது. குழிகள் அதிகம், ஆழமும் அதிகம், நிரப்புபவை ஈடுகொடுக்க முடிவதில்லை. கால்சியம் நிரப்புவதற்கான பொருள் மட்டுமே. அது இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும், உண்மை. ஆனால் தோண்டுவதை அது நிறுத்தாது. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களிடம் இதைச் சோதித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் 1000 மி.கி. கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டி-யும் எடுத்தவர்களுக்கு இடுப்பு அடர்த்தி சுமார் 1 சதவீதம் கூடுதலாக இருந்தது. இடுப்பு முறிவு குறைந்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. சிறுநீரகக் கல் மட்டும் 17 சதவீதம் அதிகம் வந்தது. கால்சியத்தைக் கூட்டிக்கொண்டு பார்க்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

இருந்தாலும், மாதவிடாய் நின்று ஏழு வருடம் ஆனபிறகு இரண்டு வருடத்தில் 5 சதவீதம் என்பது எனக்குக் கொஞ்சம் வேகமாகவே படுகிறது. முதல் சில வருடங்களில் அப்படிப் போகும், அப்புறம் வேகம் தணிய வேண்டும். தணியவில்லை என்றால் வேறு ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று தேட வேண்டும். உங்கள் காலை மாத்திரைகளைத்தான் முதலில் சந்தேகப்படுகிறேன்.

கால்சியம், தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு உள்ளே போகவிடாமல் செய்யும். இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். உங்கள் சீட்டில் இருப்பது கால்சியம் கார்பனேட். அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். நீங்களோ வெறும் வயிற்றில், அதுவும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு சேர்த்து எடுத்திருக்கிறீர்கள். இரண்டு வருடமாகப் போட்டதில் பாதியாவது உடம்பில் சேர்ந்திருக்குமா என்பது சந்தேகமே. அட்டையில் 1250 மி.கி. என்று இருக்கிறதே, அதில் உண்மையான கால்சியம் 500 மி.கி.தான். உங்களுக்குச் சிட்ரேட் வகை பொருந்தும், அதற்கு அமிலம் தேவையில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உணவும் மாத்திரையும் சேர்ந்து நாளுக்கு 1200 மி.கி. போதும். பால், தயிரிலிருந்தே பாதி கிடைக்கிறது என்றால் 500 மி.கி. மாத்திரை ஒன்றே தாராளம்.

இதில் ஒரு கவனம். கால்சியத்தை இரவுக்கு மாற்றியதும் தைராய்டு மாத்திரை முழுதாக உள்ளே போகத் தொடங்கும். இத்தனை நாள் தடைபட்ட நிலையில் நிர்ணயித்த அளவு இப்போது அதிகமாகிவிடலாம். தைராய்டு ஹார்மோன் அதிகமானால் அதுவே எலும்பைக் கரைக்கும். ஆகவே இப்போது ஒரு டி.எஸ்.எச். பரிசோதனை, மாற்றிய ஆறு முதல் எட்டு வாரத்தில் இன்னொன்று. தைராய்டு ஹார்மோன் அதிகமானால் டி.எஸ்.எச். குறையும். இப்போதே அது இயல்பைவிடக் குறைவாக இருந்தால் வேகமான இழப்புக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

அந்த ரத்தப் பரிசோதனையோடு கால்சியம், கிரியாட்டினின், பாராதைராய்டு ஹார்மோன், 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். நீங்கள் எழுதியதில் வைட்டமின் டி இல்லை. அது இல்லாமல் கால்சியம் குடலிலிருந்து சரியாக ஏறாது. அளவு 20-க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் எலும்பு மருந்து. குறைபாட்டுக்கு வாரம் ஒன்று என்று தரும் அதிக அளவு மருந்தை, டாக்டர் சொன்ன வாரங்களோடு நிறுத்திவிட வேண்டும். நல்லதுதானே என்று மாதக்கணக்கில் தொடர்ந்து, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் குழப்பமுமாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன்பிறகு தினமும் 800 யூனிட் போதும்.

வாரம் ஒரு முறை எடுக்கும் மாத்திரை, அலென்ட்ரோனேட் என்றால், தோண்டும் செல்களை நேரடியாக அடக்கும். எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், அப்புறம் அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும். உங்களுக்கு நெஞ்செரிச்சல் கடுமை என்றால் வருடத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் நல்ல மாற்று; சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. பல் பிடுங்க வேண்டியிருந்தால் தொடங்குமுன் முடித்துவிடுங்கள்.

நடையை விடாதீர்கள், ஆனால் எலும்பு அடர்த்திக்கு அது மட்டும் போதாது. தினமும் பழகிய சுமைக்கு எலும்பு அசைந்துகொடுக்காது, பழகாத சுமை வேண்டும். ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களை வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, கனமான எடை தூக்க வைத்தார்கள். 2018-ல் வெளியான முடிவில், எட்டு மாதத்தில் முதுகெலும்பு அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடியிருந்தது. உங்கள் எண்ணுக்கு இதை வீட்டில் தனியாகத் தொடங்கக் கூடாது. கைப்பிடியைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தித் தொப்பென்று இறக்குவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது என்று ஆரம்பித்து, பிசியோதெரபிஸ்ட் பார்வையில் எடையைக் கூட்டுங்கள். முதுகை வளைத்துக் குனிந்து எதையும் தூக்க வேண்டாம். முதுகெலும்பின் முன்பக்கம் நசுங்குவது அந்த நிலையில்தான்.

அடுத்த ஸ்கேன், மருந்து தொடங்கி ஒன்றரை வருடம் கழித்து, அதே இயந்திரத்தில். அந்த மையத்தில் எல்4-ஐ நீக்கிக் கணக்கிடச் சொல்லிக் கேளுங்கள். நடுவில் உங்கள் உயரத்தையும் அளந்து வையுங்கள். இளமையில் இருந்ததைவிட 4 செ.மீ. குறைந்திருந்தாலோ, திடீரென்று முதுகு பிடித்து நாள்கணக்கில் வலித்தாலோ, அடுத்த ஸ்கேன் வரை காத்திருக்காமல் முதுகுக்கு ஒரு எக்ஸ்ரே எடுங்கள்.