அறுபது ரூபாய்ச் சான்றிதழுக்கு அடகு வைத்த வளையல்

கேள்வி: ரங்கூனில் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறேன். என் தங்கையைச் சென்னையில் கட்டிக்கொடுத்தோம். அவள் மகன் இந்த ஆண்டு பொறியியல் சேரப்போகிறான். முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தால் வருடத்துக்கு 25,000 ரூபாய் கட்டணம் குறையும், அதை வாங்கித்தர ஆள் ஒருவருக்கு 15,000 ரூபாயும், நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு முன்பணமாக 25,000 ரூபாயும் அனுப்புங்கள் என்கிறார் தங்கை மாப்பிள்ளை. மனைவியின் வளையல்களை மாதம் மூன்று வட்டிக்கு வைக்க வேண்டியிருக்கும். போன முறை 30,000 ரூபாய்க்கு வைத்ததையே இருபது மாதமாக மீட்கவில்லை. நான் பி.எஸ்சி. படித்தவன், தங்கை தொலைதூரக் கல்வியில் சேர்ந்து, கல்யாணத்தால் பாதியில் விட்டவள். இந்த இரண்டையும் வெளியே சொல்ல வேண்டாம் என்கிறார் மாப்பிள்ளை. என்ன செய்வது?

பதில்: மாப்பிள்ளை கேட்கும் இரண்டு தொகைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. முதல் பட்டதாரிச் சலுகை, அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாக இடம் பெறும் மாணவருக்கு உரியது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு அது கிடையாது. 25,000 ரூபாய் முன்பணம் கட்டி அந்த இடத்தை வாங்கினால், 15,000 ரூபாய் கொடுத்துப் பெற்ற சான்றிதழால் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. பையன் கலந்தாய்வுக்குப் போனால் முன்பணத்துக்கு வேலையே இல்லை. எந்த வழியில் போனாலும் ஒரு தொகை வீண். சரியாகச் சொன்னால் இரண்டுமே வீண்.

அந்த 15,000 எதற்கு என்று பார்ப்போம். சான்றிதழைத் தருவது தமிழ்நாட்டு வருவாய்த் துறை. மாணவன் குடியிருக்கும் பகுதிக்கு உரிய வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து அது வரும். விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் பதிவு செய்தால் போதும். வருவாய்த் துறைச் சேவைகளில் REV-104 என்ற எண்ணில் இருக்கிறது. மையத்தில் வாங்கும் கட்டணம் அறுபது ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக மேலே போய், மண்டல துணை வட்டாட்சியர் நிலையில் மின்கையொப்பத்துடன் வெளிவருகிறது. இதில் இடையாளுக்கு வேலை எங்கே இருக்கிறது என்று மாப்பிள்ளையிடம் கேளுங்கள். சாதிக்கும் வருமானத்துக்கும் இதில் வரம்பு இல்லை என்பதால், ‘வருமானத்தைக் குறைத்துக் காட்ட ஆள் வேண்டும்’ என்ற சாக்கும் செல்லாது.

இனி உங்கள் பட்டம். அதை மறைக்க வேண்டிய தேவையே இல்லை. இந்தச் சான்றிதழுக்குக் குடும்பம் என்றால் மாணவனின் தாய், தந்தை, உடன்பிறந்தவர்கள், தந்தைவழித் தாத்தா பாட்டி, தாய்வழித் தாத்தா பாட்டி. தாய்மாமன் அந்தப் பட்டியலில் இல்லை. சீர் வரிசையில் முதலில் நிற்க வைப்பார்கள், இந்தப் படிவத்தில் மட்டும் இடம் தரவில்லை. நீங்கள் பத்துப் பட்டம் வாங்கியிருந்தாலும் பையனுக்குக் கேடில்லை.

தங்கையின் விஷயம் வேறு. அவள் பட்டியலில் இருக்கிறாள். ஆனால் படிப்பை முடிக்கவில்லை, பட்டம் வாங்கவில்லை. பாதியில் விட்டவர் பட்டதாரி ஆகமாட்டார். ஆகவே உள்ளதை உள்ளபடி சொன்னாலே பையனுக்குத் தகுதி இருக்கிறது. மாப்பிள்ளை இதை ஏன் மறைக்கப் பார்க்கிறார் என்பது எனக்குப் புரியவில்லை, மறைப்பதில்தான் ஆபத்து. குடும்பத்தில் வேறு பட்டதாரி இல்லை, இந்தச் சலுகையை வேறு பிள்ளை வாங்கவில்லை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் சலுகை. பின்னால் ஒரு பொய் வெளிப்பட்டால் உண்மையான பகுதியையும் யாரும் நம்பமாட்டார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: தங்கை பிறகு எப்போதாவது அந்தப் படிப்பை முடித்திருந்தால் கணக்கே மாறிவிடும். மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவளிடமே நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் குடும்பத்தின் உண்மையான சிக்கல் இடையாள் தீர்க்கக்கூடியது அல்ல. ரங்கூனில் இருக்கும் நீங்கள்தான் தீர்க்க முடியும். விண்ணப்பத்தோடு புகைப்படம், முகவரிச் சான்று, மாணவனின் உறுதிமொழி, குடும்பத்தினரின் மாற்றுச் சான்றிதழ் அல்லது கல்விச் சான்றுகள் கேட்கப்படும். தந்தைவழியினருக்குச் சென்னையிலேயே கிடைத்துவிடும். பையனுக்கு அக்காவோ அண்ணனோ இருந்தால், கல்யாணமாகிப் போயிருந்தாலும் அவர்களுடைய சான்றும் வேண்டும். குடும்ப அட்டையில் பெயர் இருந்து, படிப்புக்குச் சான்று இல்லாவிட்டால் விசாரணை அந்த இடத்தில்தான் நிற்கும். தங்கையும், உங்கள் அப்பா அம்மாவும் படித்தது இங்கே ரங்கூனில். அவள் பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வு எழுதிய சான்று பர்மிய எழுத்தில் இருக்கும். சென்னையில் ஒரு கிராம நிர்வாக அலுவலர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அதை இங்கேயே நோட்டரி சான்றுடன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்புங்கள். அப்பா அம்மாவின் பள்ளிச் சான்று பெட்டியடியில் கிடந்தால் அதையும் சேருங்கள். அவர்கள் காலமாகியிருந்தாலும் பட்டியலிலிருந்து நீங்குவதில்லை. பள்ளிக்கூடமே போகாதவர்கள் என்றால் தங்கை அதை எழுத்தில் உறுதி சொல்ல வேண்டும். பெயரின் எழுத்துகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே பலருக்குப் பள்ளியில் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர். சென்னை அடையாள அட்டையில் ஒன்றும் சான்றில் வேறொன்றும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை முன்கூட்டியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கலந்தாய்வு விண்ணப்பத்திலேயே முதல் பட்டதாரியா என்று கேட்பார்கள். சான்று சரிபார்ப்புக்குள் கையில் இருக்க வேண்டும் என்பதால், இந்த வாரமே தேடத் தொடங்குங்கள்.

இனி வளையல். 40,000 ரூபாய்க்கு மாதம் மூன்று வட்டி என்றால் 1,200 ரூபாய். ஓர் ஆண்டில் 14,400 ரூபாய். மாப்பிள்ளை சொல்லும் 25,000 ரூபாய்ச் சலுகை அப்படியே கிடைத்தாலும், அதில் பாதிக்கு மேல் அடகுக் கடைக்குப் போகும். அதுவும் சலுகை அவர் வீட்டுக்கு, வட்டி உங்கள் வீட்டுக்கு. பழைய 30,000 ரூபாய்க்கு மாதம் 900 ரூபாய் வீதம் இருபது மாதத்தில் 18,000 ரூபாய் வட்டி ஏறியிருக்கிறது. மீட்காத நகையைக் கடைக்காரர் எத்தனை காலம் வைத்திருப்பார்? உங்களைக் கரைக்கும் பழக்கம் இதுதான். மாப்பிள்ளை ஒரு தொகை சொல்கிறார். அது எதற்கு, யாருக்கு, ரசீது உண்டா என்று கேட்காமல் நகையை வைத்து உண்டியலில் அனுப்பிவிடுகிறீர்கள். தாய்மாமன் என்றால் கேள்வி கேட்கக் கூடாது என்று யார் சொன்னது?

எனவே புதிதாக எதையும் அடகு வைக்காதீர்கள். மொழிபெயர்ப்புச் செலவையும் இ-சேவைக் கட்டணத்தையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். அது மருமகனுக்குப் போதுமான சீர். கடையில் மாதம் மிஞ்சுவதைப் பழைய அடகுக்குக் கட்டுங்கள்.

பையன் கலந்தாய்வில் சேர்ந்த பிறகும் மிச்சக் கட்டணம், விடுதி, பஸ் என்று செலவு இருக்கும். சலுகை கற்பிப்புக் கட்டணத்துக்கு மட்டும்தான். அதற்கு உதவ நினைத்தால் கல்லூரி தரும் கட்டணச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள தொகையில் உங்களால் முடிந்த பங்கை மட்டும், தங்கையின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள்.